மதுரை மாடியிலிருந்து சேலம் மாடி வரை: ஒரு டிகிரி வித்தியாசத்தைக் கிலோமீட்டராக்கிய கதை

பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணி வாக்கில் கணக்கு முடிந்தது. மதுரையில் என் வீட்டு மொட்டை மாடிக்கும் சேலத்தில் என் சித்தி மகள் வீட்டு மொட்டை மாடிக்கும் இடையே வடக்கு தெற்காக 194 கிலோமீட்டர். போனில் உள்ள ஜி.பி.எஸ். படி 191.8. நூலும் அட்டையும் டேப்பும் வைத்து அளந்ததில் வித்தியாசம் இரண்டேகால் கிலோமீட்டர்தான். இதற்கு ஒரு வாரம் முன்பு செய்த முதல் முயற்சியில் 230 வந்திருந்தது. அது தவறு என்று தெரியாமலேயே இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்தது தங்கை மகன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "மாமா, ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111 கிலோமீட்டர்னு புத்தகத்துல இருக்கு. அப்போ உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் எத்தனை டிகிரி? அதை நாமளே அளக்க முடியுமா?" என்று போனில் கேட்டான். மதுரையும் சேலமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கும் ஊர்கள். மதுரை 78.12, சேலம் 78.15. அதனால் சூரியன் இரண்டு ஊரிலும் சில நொடி வித்தியாசத்தில் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் இரண்டு இடத்திலும் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து கழித்தால், அதுதான் அட்சரேகை வித்தியாசம். அன்றைக்குச் சூரியன் எந்த இடத்தில் இருந்தாலும் கழிக்கும்போது அது அடிபட்டுப் போய்விடும். அதனால் எந்த நாளில் வேண்டுமானாலும் செய்யலாம், இருவரும் ஒரே நாளில் செய்தால் போதும். ஜனவரி 26 விடுமுறை, அன்றைக்கே செய்வது என்று முடிவானது.

முதலில் நேரம். கடிகாரத்தில் 12 அடிக்கும்போது நமக்கு உச்சி வேளை இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு 4.4 டிகிரி மேற்கே இருக்கிறோம், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் பதினேழரை நிமிடம் தள்ளிப்போகும். ஜனவரி கடைசியில் சூரியன் தன் பங்குக்கு இன்னும் பன்னிரண்டரை நிமிடம் தாமதிக்கும். ஆக 12.30. இதை நம்பி ஒரே ஒரு தடவை அளக்காமல், 12.15 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். அதில் குட்டையான நிழலை எடுத்துக்கொண்டோம். 12.25, 12.30, 12.35 மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். உச்சியை ஒட்டி நிழல் மெதுவாகத்தான் மாறும். ஆனால் பத்து நிமிடம் பிசகினால் அந்த ஒரு ஊரின் அளவில் மட்டும் 12 கிலோமீட்டர் பிழை வந்துவிடும் என்று பிறகு கணக்குப் போட்டபோது தெரிந்தது. அதனால் புள்ளி வரிசை வைப்பது வீண் வேலை இல்லை.

கருவி எளிமையானது. சரியாக 100 சென்டிமீட்டருக்கு வெட்டிய ரீப்பர் கட்டை, இரண்டு ஊரிலும் ஒன்று. கட்டையை நேராக நிறுத்த நான் தூக்குக்குண்டு பிடித்தேன். சேலத்தில் தூக்குக்குண்டு இல்லை, மூலைமட்டம் இருந்தது. தரையோடு மூலைமட்டத்தை ஒட்டி வைத்து, கட்டை தரைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

மதுரையில் நிழல் 54.5 சென்டிமீட்டர், சேலத்தில் 59.3. நிழலை உயரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் தலைகீழ் டேன் போட்டால் கோணம் வரும். மதுரைக்கு 28.59 டிகிரி, சேலத்துக்கு 30.67. வித்தியாசம் 2.08 டிகிரி. நம் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு 110.6 கிலோமீட்டர், பெருக்கினால் 230. தங்கை உடனே, "அண்ணா, சரியா வந்துடுச்சு! பஸ்ல வந்தா 235தானே?" என்றாள். எனக்கும் அதுதான் மனதில் ஓடியது. திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாகச் சாலை தூரம் அவ்வளவுதான். மாடிக் கணக்கு சாலையோடு ஒத்துப்போனதில் எல்லோருக்கும் ஒரே உற்சாகம்.

இரண்டு நாள் கழித்து இரவில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. நாம் அளந்தது சாலையை இல்லை. வடக்கு தெற்கு நேர்கோடு அது. சாலை மேற்கே ஒதுங்கித் திண்டுக்கல் போய், பிறகு திரும்பி, ஊர் ஊராக வளைந்து போகிறது. நேர்கோடு சாலையை ஒட்டி வருவதே சந்தேகத்துக்குரிய விஷயம், கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். காலையில் இரண்டு வீட்டிலும் போனில் அட்சரேகை பார்த்தோம்.

அங்கேயும் ஒரு சறுக்கல். தங்கை 11.40 என்று செய்தி அனுப்பினாள். என் போனிலும் 9°56' என்று காட்டியதை 9.56 என்று குறித்துக்கொண்டேன். கழித்தால் 1.84, பெருக்கினால் 203.5. நிழல் கணக்கு 230, போன் கணக்கு 203.5, எதை நம்புவது என்று புரியவில்லை. பிறகு பையன்தான் கண்டுபிடித்தான். "மாமா, 56 நிமிடம்னா அறுபதுல 56. அது புள்ளி ஐந்து ஆறு இல்லையே?" சரிதான். 9°56' என்பது 9.933. 11°40' என்பது 11.667. நிமிடத்தை அறுபதால் வகுக்காமல் புள்ளிக்குப் பின்னால் அப்படியே எழுதியதால் 12 கிலோமீட்டர் பிழை. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்கம் எந்த ஊருக்குப் பார்த்தாலும் 60-ஐத் தாண்டவே இல்லை என்றால், அது நிமிடமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு போனில் அமைப்பை மாற்றி தசம டிகிரியாக எடுத்தோம். 9.934, 11.668. வித்தியாசம் 1.734 டிகிரி. மூன்றாவது தசமம் வரை எடுத்தால் நூறு மீட்டர் அளவுக்குத் துல்லியம் இருக்கும், நம் வேலைக்கு அது தாராளம்.

அடுத்த கேள்வி, எந்த எண்ணால் பெருக்குவது? புத்தகத்தில் 111. இணையத்தில் தேடினால் 111.32, 111.19, 110.57 என்று ஆளுக்கொன்று. இவை எல்லாமே ஏதோ ஓர் இடத்துக்குச் சரி. 111.32 என்பது நிலநடுக்கோட்டுச் சுற்றளவான 40,075 கிலோமீட்டரை 360-ஆல் வகுத்தது. அது கிழக்கு மேற்காக, நிலநடுக்கோட்டின் மேல் போகும் தூரம். வடக்கு தெற்கு தூரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. 111.19 என்பது பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள பந்தாக எடுத்துக்கொண்டால் வருவது. உண்மையில் ஒரு டிகிரி அட்சரேகை நிலநடுக்கோட்டில் 110.57, துருவத்தில் 111.69. நடுவில் உள்ள இடத்துக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
km = 111.133 - 0.560 * cos(2 * lat)
```

`lat` என்பது இரண்டு இடத்துக்கும் நடுவிலுள்ள அட்சரேகை. எங்களுக்கு 10.8. இரண்டால் பெருக்கினால் 21.6, அதன் கொசைன் 0.93. விடை 110.61. இதை நான் கணினியில் விரிதாளில் போட்டபோது 111.65 வந்தது. விரிதாளில் கொசைன் ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும், 21.6-ஐ டிகிரி என்று அதற்குத் தெரியாது. இப்படிப் போடலாம்:

```
=111.133-0.56*COS(RADIANS(2*10.8))
```

நம் ஊர்ப் பக்கம் விடை 110.6-ஐ ஒட்டி வரவில்லை என்றால் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 111.65 துருவத்துப் பக்கத்து எண், தமிழ்நாட்டில் வரவே வராது.

1.734 × 110.61 = 191.8. அதே 1.734-ஐ 111.32-ஆல் பெருக்கினால் 193. ஆக எண்ணைத் தவறாக எடுத்தால் இந்தத் தூரத்துக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் பிழை. கப்பல்காரர்கள் ஒரு நிமிட அட்சரேகையை ஒரு கடல் மைல், 1,852 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் சராசரிதான், நம் பக்கத்தில் ஒரு நிமிடம் 1,843 மீட்டர். தீர்க்கரேகையில் உள்ள 0.03 டிகிரியையும் விட்டுவிடவில்லை. கிழக்கே 3.3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சேலத்து வீடு. ஆனால் செங்கோண முக்கோணக் கணக்கில் அது மொத்தத் தூரத்தில் 30 மீட்டரைத்தான் கூட்டுகிறது.

அப்படியென்றால் 38 கிலோமீட்டர் பிழை எங்கிருந்து வந்தது? எண்ணில் இல்லை. நிழலில்தான் இருந்தது.

இங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. அட்சரேகை என்பது ஓர் ஊரில் தூக்குக்குண்டு தொங்கும் திசை. மதுரையில் தொங்கும் நூலையும் சேலத்தில் தொங்கும் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால், இரண்டுக்கும் இடையே 1.734 டிகிரி கோணம் இருக்கும். வடக்கு நோக்கி நடந்துகொண்டே போய், நூல் ஒரு டிகிரி திரும்பும் வரை எவ்வளவு நடந்தோம் என்பதுதான் "ஒரு டிகிரிக்கு இத்தனை கிலோமீட்டர்". துருவப் பக்கம் பூமி தட்டையாக இருப்பதால் நூல் ஒரு டிகிரி திரும்ப அதிக தூரம் நடக்க வேண்டும், அதனால்தான் அங்கே எண் கூடுகிறது. துருவத்தில் பூமி அமுங்கியிருக்கிறதே, அங்கே தூரம் குறையத்தானே வேண்டும் என்று நான் பல வருடம் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். நூலை வைத்துப் பார்த்தால் அந்தக் குழப்பமே இல்லை.

சேலத்தில் அந்த நூலே இல்லாமல் அளந்திருந்தோம். கட்டையைத் தரைக்குச் செங்குத்தாக நிறுத்தினார்கள். ஆனால் மொட்டை மாடித் தரை மட்டமாக இருக்காது, மழைத் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். பையன் ஐந்து மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பது போலப் பார்த்தான். வடக்கு மூலையில் உள்ள தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் இறக்கம். கண்ணுக்கே தெரியாத இறக்கம்தான். ஆனால் 6 மில்லிமீட்டர் என்றால் 0.34 டிகிரி. அது அப்படியே கோணத்தில் சேர்ந்துவிட்டது. 0.34-ஐ 110.6-ஆல் பெருக்கினால் 38 கிலோமீட்டர். விட்டுப்போன அத்தனையும் அந்த வாட்டத்தில் இருந்தது. தங்கையிடம் சொன்னபோது, "ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாஞ்சாலே ஆறு கிலோமீட்டரா!" என்றாள். ஆமாம், 6.3.

இரண்டாவது முயற்சிக்குக் கட்டையையே விட்டுவிட்டோம். நிழலின் நுனி மங்கலாக இருப்பதும் ஒரு தொந்தரவு. சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் கட்டையின் நிழல் நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மெல்ல மெல்லத் தேய்கிறது. எங்கே முடிகிறது என்று ஆளுக்கு ஒரு இடம் காட்டுவார்கள். ஒரு மீட்டர் உயரத்தில் நிழலில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் 5 கிலோமீட்டர். அதற்குப் பதிலாகத் துளை வைத்தோம்.

மாடியில் படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவரில் உள்ள சன்ஷேடில் ரீப்பர் கட்டையை வெளியே நீளும்படி கட்டி, அதன் நுனியில் 20 சென்டிமீட்டர் சதுர அட்டை, நடுவில் 5 மில்லிமீட்டர் துளை. சேலத்தில் சன்ஷேடு இல்லாததால் இரும்பு ஏணியை இரண்டு சுவருக்கு இடையே முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். துளையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் பென்சிலால் கூட்டல் குறி. அதிலிருந்து வடக்கே ஒரு பலகை. பலகையின் அடியில் ஆப்பு செருகி, ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் மட்டம் பார்த்தோம். கூட்டல் குறி இருக்கும் இடமும் பலகையின் மேல்மட்டமும் ஒரே மட்டமா என்று டியூப் தண்ணீரால் சரிபார்த்து, கூட்டல் குறியின் கீழே ஓடு வைத்து உயர்த்தினோம். அந்த மட்டத்திலிருந்து துளைக்கு உயரம் 200.0 சென்டிமீட்டர். இதைச் சரியாகக் கொண்டுவர எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மொத்த வேலையில் அதிக நேரம் எடுத்தது இதுதான், அதிகம் பலன் கொடுத்ததும் இதுதான்.

துளை வழியாக வரும் வெளிச்சம் அட்டையின் நிழலுக்கு நடுவே ஒரு சிறு நீள்வட்டமாக விழுந்தது, நெடுக்கில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். அது சூரியனின் உருவமே. விளிம்பு நிழல் நுனியை விடத் தெளிவு. தெற்கு விளிம்பையும் வடக்கு விளிம்பையும் குறித்து நடுவை எடுத்தால் மங்கலின் தொல்லை பெரும்பாலும் போய்விடுகிறது. 12.31-க்கு எனக்குத் தெற்கு விளிம்பு 99.1, வடக்கு விளிம்பு 101.9, நடு 100.5. சேலத்தில் 106.8, 109.8, நடு 108.3. கோணம் 26.68, 28.435. வித்தியாசம் 1.755. பெருக்கினால் 194.1.

போன் சொல்லும் 191.8-க்கு இது 2.3 கிலோமீட்டர் அதிகம். இந்த அமைப்பில் ஒரு மில்லிமீட்டர் தவறு என்பது இரண்டரை கிலோமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் இருக்கும். ஆக இதைவிட நெருங்கி வந்திருந்தால் அது தற்செயல்தான். செலவு: இரண்டு தூக்குக்குண்டு 240 ரூபாய், டியூப் இரண்டு ஊருக்கும் சேர்த்து 150. ரசமட்டம் எதிர்வீட்டு மேஸ்திரியிடம் இரவல். அட்டை பழைய காலண்டர்.

நாங்கள் செய்த இதே வேலையைத்தான் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பெரிய அளவில் செய்தார். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி வைத்து அடிக்கோடு அளந்தார், பிறகு 78-வது தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு வடக்காக முக்கோணம் முக்கோணமாக நீட்டிக்கொண்டு போனார். தரையில் தூரம் சங்கிலியாலும் முக்கோணத்தாலும், அட்சரேகை நட்சத்திரத்தால். இரண்டையும் வகுத்தால் ஒரு டிகிரிக்கு இத்தனை. அவருக்கும் தொல்லை தூக்குக்குண்டுதான். பக்கத்தில் மலையோ அடர்ந்த பாறையோ இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் சிறிது இழுக்கும், நூல் சாயும், அட்சரேகை தவறும். நாங்கள் பார்த்த 0.34 டிகிரியோடு ஒப்பிட்டால் அந்தச் சாய்வு மிகமிகச் சிறியது, ஆனால் அவர் அளந்தது எங்களைவிடப் பல மடங்கு நுணுக்கமாக. மதுரை, கரூர், நாமக்கல், சேலம் எல்லாம் அந்த 78-வது கோட்டை ஒட்டியே இருக்கின்றன என்று பையனுக்கு வரைபடத்தில் காட்டினேன். விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே வடக்கே போனான்.

அடுத்த முறை இரண்டு மாற்றம் செய்வேன். துளையை 3 மீட்டர் உயரத்தில் வைப்பேன், அப்போது ஒரு மில்லிமீட்டர் என்பது ஒன்றரை கிலோமீட்டர் சொச்சமாகக் குறையும். 5 மில்லிமீட்டர் துளைக்கு அப்போதும் வெளிச்சம் போதும், ஆனால் காற்றில் அட்டை ஆடக் கூடாது, தகரத் தகடு வேண்டும். இன்னொன்று, இரண்டு ஊரையும் இன்னும் தள்ளி எடுப்பேன். பிழை மில்லிமீட்டரில் வருவது, ஊர் தூரத்தில் வருவது இல்லை. ஆகவே தூரம் கூடினால் அதே பிழை சிறியதாகிவிடும். கன்னியாகுமரி 8.08, பெங்களூரு 12.97. இரண்டுமே தீர்க்கரேகை 77.55-ஐ ஒட்டி. 4.89 டிகிரி, கணக்கில் 540.9 கிலோமீட்டர். நாகர்கோவிலில் ஒரு நண்பர் இருக்கிறார், பெங்களூரில் பையனின் அத்தை. நாகர்கோவில்காரரிடம் முதலில் கேட்டது மாடித் தரை எந்தப் பக்கம் வாட்டம் என்றுதான். "தெற்கே" என்றார். இருந்தாலும் தூக்குக்குண்டு ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.